ரவுட்டர் மாறிய பிறகு வைஃபையில் சேராத லேப்டாப்: பெரியவர்களுக்குப் போனிலேயே வழி சொல்வது எப்படி?

சித்திரை, வைகாசி மாலைகளில் சேர்வராயன் மலையில் இடியோடு மழை இறங்கினால், மறுநாள் காலையில் சில வீடுகளில் ரவுட்டர் உயிரோடு இருப்பதில்லை. ஃபைபர் கம்பி கண்ணாடியிழை என்பதால் அதன் வழியாக மின்னல் வராது. சுவரில் செருகியிருக்கும் மின்சார அடாப்டர் வழியாகத்தான் வருகிறது. இணைப்புக்காரர் வந்து புது ரவுட்டரை வைக்கிறார், வீட்டில் இருப்பவர்களின் போனில் புதிய பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுக்கிறார், போய்விடுகிறார். அந்த நேரத்தில் லேப்டாப் பீரோவுக்குள் இருக்கும். மாலையில் அதைத் திறக்கும்போதுதான் அது இணையத்தில் சேர மறுப்பது தெரியும். உடனே சேலத்திலோ சென்னையிலோ இருக்கும் உங்களுக்குப் போன் வரும்.

அப்படிப் போன் வந்தால் என்ன கேட்பது, எந்த வரிசையில் செய்யச் சொல்வது என்பதை இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இருக்கும் லேப்டாப்புகளுக்கு இது பொருந்தும். திரையில் தோன்றும் ஆங்கிலச் சொற்களை அப்படியே தந்திருக்கிறேன். ஏனென்றால் மறுமுனையில் இருப்பவர் அவற்றைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

லேப்டாப்பைத் தொடுவதற்கு முன்

முதலில் இணையம் வீட்டுக்குள் வருகிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். "போனில் வாட்ஸ்அப் வருகிறது" என்று அவர்கள் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது. போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவில் ஓடிக்கொண்டிருக்கலாம். மொபைல் டேட்டாவை நிறுத்தச் சொல்லி, வைஃபையில் மட்டும் ஏதாவது ஒரு புதிய வீடியோவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அது ஓடினால் ரவுட்டரும் கம்பியும் சரி, சிக்கல் லேப்டாப்பில்தான். ஓடவில்லை என்றால் ரவுட்டரின் விளக்குகளைக் கேளுங்கள். LOS என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ மினுக்கினாலோ ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை. லேப்டாப்பில் என்ன செய்தாலும் பலன் இராது. இணைப்புக்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

போனில் சரியாக வருகிறது என்று தெரிந்த பிறகு லேப்டாப்புக்குப் போகலாம். கடிகாரம் இருக்கும் வலது கீழ் மூலையில் வைஃபை சின்னத்தை, அல்லது அதன் இடத்தில் பூமி உருண்டை போலிருக்கும் சின்னத்தை, ஒரு முறை அழுத்தச் சொல்லுங்கள். அங்கே விமானப் படம் இருந்தால் Airplane mode தவறுதலாக இயக்கப்பட்டிருக்கிறது. அதை அணைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். சில பழைய லேப்டாப்புகளின் பக்கவாட்டில் வைஃபைக்கென்றே சின்னத் தள்ளு சுவிட்சும் உண்டு. துடைக்கும்போது கை பட்டு நகர்ந்திருக்கலாம்.

பட்டியல் திறந்ததும் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "உங்கள் வீட்டு வைஃபை பெயர் அதில் தெரிகிறதா? அதை அழுத்தினால் என்ன எழுதி வருகிறது? எழுத்துப் பிசகாமல் படியுங்கள்." பெரியவர்கள் பலர் படிக்காமல் பொருளை மட்டும் சொல்வார்கள். "ஏதோ முடியாது என்று வருகிறது" என்பார்கள். அந்த "முடியாது" நான்கு விதமாக இருக்கலாம், நான்குக்கும் வேறு வேறு மருந்து. முடிந்தால் திரையைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வீடியோ அழைப்பில் கை நடுங்கி எழுத்து தெரியாமல் போகும். படம் நிலையாக நிற்கும், நீங்களும் பெரிதாக்கிப் படிக்கலாம்.

வரக்கூடிய பதில்கள் இவை. பெயர் தெரிகிறது, ஆனால் பாஸ்வேர்டே கேட்காமல் `Can't connect to this network` என்று வருகிறது என்றால் லேப்டாப் பழைய பாஸ்வேர்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாஸ்வேர்டு கேட்டு, அதைக் கொடுத்த பிறகு `The network security key isn't correct` என்று வந்தால் தட்டச்சில் பிழை. சேர்ந்துவிட்டது, ஆனால் `No internet, secured` என்று நிற்கிறது என்றால் லேப்டாப்புக்கு யாரோ கையால் ஒரு எண் முகவரி வைத்திருக்கக் கூடும். பெயரே பட்டியலில் இல்லை என்றால் அலைவரிசையைப் பார்க்க வேண்டும். இவற்றில் அதிகம் வருவது முதலாவதுதான்.

நாகலூர் அத்தை வீட்டில் நடந்தது

ஏற்காட்டை அடுத்த நாகலூரில் என் அத்தை இருக்கிறார். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மிளகு, காப்பிக் கொட்டை வரவு செலவை லேப்டாப்பில்தான் எழுதி வைக்கிறார். ரவுட்டர் மாறிய அன்று இணைப்புக்காரரிடம், "பழைய பெயரே இருக்கட்டும் தம்பி, எனக்குக் குழப்பம் வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். அவரும் `SilverOak` என்ற பழைய பெயரையே வைத்துவிட்டு, பாஸ்வேர்டை மட்டும் புதிதாக்கிவிட்டார்.

சிக்கலின் வேர் இங்கேதான். விண்டோஸ் ஒரு வைஃபையை நினைவில் வைப்பது ரவுட்டரின் முகத்தை வைத்து அல்ல, பெயரை வைத்து. பெயரோடு பாஸ்வேர்டையும் பாதுகாப்பு முறையையும் சேர்த்து ஒரு குறிப்பாக எழுதி வைத்துக்கொள்கிறது. அதே பெயர் மறுபடி கண்ணில் பட்டால், தெரிந்த இடம்தானே என்று யாரையும் கேட்காமல் பழைய பாஸ்வேர்டை நீட்டுகிறது. புது ரவுட்டர் அதை ஏற்பதில்லை. புதிய பாஸ்வேர்டைக் கேட்காமலே லேப்டாப் கைவிரித்துவிடுகிறது. பெயரும் புதிதாக இருந்திருந்தால் லேப்டாப் அதை அறியாத இடமாகக் கருதி ஒழுங்காகப் பாஸ்வேர்டு கேட்டிருக்கும்.

அத்தையிடம் நான் இப்படித்தான் சொன்னேன்: "அத்தை, வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டார்கள். லேப்டாப்பின் கையில் இருப்பது பழைய சாவி. கதவு அதே கதவு என்பதால் அது பழைய சாவியையே திருகிக்கொண்டிருக்கிறது. முதலில் அந்தச் சாவியைப் பிடுங்கிப் போடுவோம்." என்ன செய்யப் போகிறோம் என்பது புரிந்துவிட்டால், பொத்தான் ஒன்று இடம் மாறியிருந்தாலும் அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள். காரணம் சொல்லாமல் "இதை அழுத்துங்கள், அதை அழுத்துங்கள்" என்று மட்டும் சொன்னால் திரை சற்று வேறாக இருக்கும் இடத்தில் நின்றுபோவார்கள்.

பழைய சாவியைப் பிடுங்கும் வழி இது. ஒவ்வொரு படிக்கும் நடுவில் "இப்போது திரையில் மேலே என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

1. விசைப்பலகையின் கீழ் வரிசையில் நான்கு கட்டம் போட்ட விசையைப் பிடித்துக்கொண்டு `I` என்ற எழுத்தை அழுத்த வேண்டும். Settings திறக்கும்.
2. அதில் `Network & Internet`, அதற்குள் `Wi-Fi`.
3. `Manage known networks` என்பதை அழுத்த வேண்டும். இதுவரை சேர்ந்த வைஃபை பெயர்கள் எல்லாம் வரிசையாக வரும்.
4. வீட்டு வைஃபை பெயரைத் தேடி அழுத்தினால் `Forget` என்ற பொத்தான் தெரியும். விண்டோஸ் 11-இல் அது பெயருக்கு நேர் எதிரே வலது பக்கம் இருக்கும். அதை அழுத்த வேண்டும்.

இந்த இடத்தில் அத்தை தயங்கினார். "Forget என்றால் வைஃபையே போய்விடாதா கண்ணு?" என்று கேட்டார். நியாயமான பயம். போவது அந்தப் பழைய குறிப்பு மட்டும்தான். கோப்புகளோ, மற்ற வைஃபைகளோ, ரவுட்டரோ எதுவும் மாறாது என்று சொல்லிவிட்டுத்தான் அழுத்தச் சொல்ல வேண்டும். பிறகு வலது கீழ் மூலைக்குத் திரும்பி, பட்டியலில் `SilverOak` என்பதை அழுத்தி, `Connect automatically` என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு `Connect` அழுத்தினார். இந்த முறை லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டது. அதுதான் நமக்கு வேண்டிய அறிகுறி.

பாஸ்வேர்டைக் கண்டுபிடிப்பதும் அடிப்பதும்

பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது? இணைப்புக்காரர் எதையும் மாற்றவில்லை என்றால் ரவுட்டரின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். ஆனால் அந்தச் சீட்டில் பெரும்பாலும் இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு. ஒன்று வைஃபைக்கு. மற்றது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய. Username என்ற சொல்லோடு சேர்ந்திருப்பது இரண்டாவது வகை, அது நமக்கு இப்போது வேண்டாம். SSID என்ற சொல்லுக்கு அருகில், WPA Key, Wireless Password என்பது போன்ற பெயரோடு இருப்பதுதான் வைஃபைக்கானது.

இணைப்புக்காரர் மாற்றிவிட்டார் என்றால் சீட்டு உதவாது. அப்போது ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஆண்ட்ராய்டு போனிடம் கேட்கலாம். போனின் வைஃபை அமைப்பில் அந்தப் பெயரைத் தொட்டு Share அழுத்தினால் ஒரு கியூஆர் சதுரம் வரும். பல போன்களில் அதன் கீழேயே பாஸ்வேர்டு எழுத்தாகவும் இருக்கும். எழுத்து இல்லாவிட்டால், அந்தச் சதுரத்தைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பச் சொல்லி, உங்கள் போனில் கூகுள் லென்ஸ் கொண்டு படித்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தை உங்களுக்கு மட்டும் தனியாக அனுப்பச் சொல்வது முக்கியம். குடும்பக் குழுவில் போட்டால் அது எத்தனை கைகளுக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

அடிக்கும்போது சறுக்கும் இடங்கள் சில உண்டு. பூஜ்யமும் ஆங்கில O எழுத்தும், ஒன்று என்ற எண்ணும் சிறிய l எழுத்தும் பெரிய I எழுத்தும் சீட்டில் ஒன்றுபோலத் தெரியும். `bO7l0Iq8` போன்ற ஒரு பாஸ்வேர்டைக் கண்ணால் மட்டும் பார்த்து யாராலும் சரியாக அடிக்க முடியாது. படத்தை நீங்கள் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொன்றையும் "எண் பூஜ்யம்", "பெரிய எழுத்து ஓ" என்று பிரித்துச் சொல்லுங்கள். போனில் B, D, P, T எல்லாம் ஒரே ஒலியாகக் கேட்கும் என்பதால் நாங்கள் ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்வோம்: சேலத்துக்கு வரும் S, தர்மபுரிக்கு வரும் D, பழனிக்கு வரும் P. அத்தைக்கு இதில் ஒரு முறைகூடத் தடுமாற்றம் வந்ததில்லை.

இவ்வளவு கவனமாகச் சொல்லியும் அன்று பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை. பாஸ்வேர்டுப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் சின்னத்தை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். பிடித்திருக்கும் வரை புள்ளிகளுக்குப் பதில் எழுத்துகள் தெரியும். "j அடித்தேன், 1 என்று இருக்கிறது. k அடித்தேன், 2 என்று இருக்கிறது" என்றார். காரணம் உடனே தெரிந்துவிட்டது. வலது பக்கம் எண் கட்டம் தனியாக இல்லாத சில பழைய லேப்டாப்புகளில் Num Lock இயங்கினால் எழுத்து விசைகள் சில எண்களாகிவிடும். j, k, l மூன்றும் 1, 2, 3 ஆகும். u, i, o மூன்றும் 4, 5, 6 ஆகும். Num Lock விசையை, தேவைப்பட்டால் Fn விசையோடு சேர்த்து, ஒரு முறை அழுத்தினால் சரியாகிவிடும். Caps Lock இயங்கிக்கொண்டிருப்பதும், தமிழ்த் தட்டச்சு இயங்கிக்கொண்டிருப்பதும் இதே போன்ற சிக்கலைத் தரும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ENG என்று இருக்கிறதா, தமிழைக் குறிக்கும் எழுத்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண் சின்னத்தை அழுத்தி, எழுத்தெழுத்தாக உங்களுக்குப் படித்துக் காட்டிய பிறகு `Next` அழுத்துவது நல்லது.

சேர்ந்தவுடன் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கலாம்: இந்த லேப்டாப்பை மற்ற கருவிகள் கண்டுபிடிக்கலாமா, `Yes`, `No`. ஏதோ ஆபத்தான கேள்வி என்று நினைத்துப் பெரியவர்கள் இங்கே நின்றுவிடுவார்கள். சொந்த வீட்டு வைஃபை என்றால் `Yes`. வீட்டில் வைஃபை பிரிண்டர் இருந்தால் அதற்கும் இது உதவும்.

பெரும்பாலான வீடுகளில் இத்தோடு வேலை முடிந்துவிடும்.

சேர்ந்துவிட்டது, ஆனால் இணையம் இல்லை

அத்தையின் லேப்டாப் இத்தோடு விடவில்லை. `No internet, secured` என்று காட்டிக்கொண்டு நின்றது. பாஸ்வேர்டு சரி, போனில் அதே வைஃபையில் வீடியோ ஓடுகிறது, லேப்டாப்பில் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. இப்படி இருந்தால் லேப்டாப்பின் எண் முகவரியைப் பார்க்க வேண்டும்.

ரவுட்டர் தன்னிடம் வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் முகவரியைத் தானே கொடுக்கும். அந்த எண்ணின் முன்பகுதி ரவுட்டருக்கு ரவுட்டர் வேறுபடும். சில ரவுட்டர்கள் 192.168.1 என்று தொடங்கும், சில 192.168.0 என்றும், சில 192.168.29 என்றும் தொடங்கும். எப்போதோ யாரோ பிரிண்டருக்காகவோ வேறு எதற்காகவோ லேப்டாப்பில் கையால் ஒரு எண்ணை நிலையாக வைத்துவிட்டுப் போயிருந்தால், பழைய ரவுட்டரிடம் அது பொருந்தியிருக்கும். புது ரவுட்டரின் வரிசை வேறாக இருந்தால் லேப்டாப் இல்லாத ஒரு வாசலைத் தேடிக்கொண்டிருக்கும். லேப்டாப்பின் வைஃபை கருவியிலேயே வைக்கப்பட்ட இந்த எண், `Forget` அழுத்தினாலும் போகாது.

இதைச் சோதிக்க, நான்கு கட்ட விசையோடு `R` அழுத்தி, வரும் சின்னப் பெட்டியில் `cmd` என்று அடித்து Enter. கறுப்புத் திரையில் இதை அடிக்க வேண்டும்:

```
ipconfig
```

நிறைய வரிகள் வரும். `Wi-Fi` என்ற தலைப்பின் கீழ் `IPv4 Address`, `Default Gateway` என்ற இரண்டு வரிகளை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். அத்தை படித்தது 192.168.1.50, 192.168.1.1. பிறகு போனின் வைஃபை விவரத்தில் பார்த்தால் போனின் முகவரி 192.168.29 என்று தொடங்கியது. கணக்கு ஆசிரியைக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "மூன்றாவது எண் ஒத்துப்போகவில்லையே" என்று அவரே சொன்னார். வீட்டு வைஃபையில் முதல் மூன்று எண்களும் எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக இருப்பதுதான் வழக்கம். உங்களுக்குக் கிடைக்கும் எண் 169.254 என்று தொடங்கினால் அது வேறு கதை. லேப்டாப் ரவுட்டரிடம் முகவரி கேட்டும் பதில் வரவில்லை என்று பொருள். ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டு, லேப்டாப்பையும் Restart செய்து பாருங்கள்.

கையால் வைத்த எண்ணை எடுக்க, மறுபடியும் நான்கு கட்ட விசையோடு `R`. பெட்டியில் இதை அடிக்க வேண்டும்:

```
ncpa.cpl
```

இதையும் ஊர்ப் பெயரிலேயே சொல்லலாம்: நாமக்கல், கோயம்புத்தூர், பழனி, ஆத்தூர், ஒரு புள்ளி, கோயம்புத்தூர், பழனி, லால்குடி. இடையில் இடைவெளி கிடையாது. Enter அழுத்தினால் சில படங்கள் கொண்ட பக்கம் வரும். `Wi-Fi` என்ற பெயர் கொண்ட படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, `Properties` எடுக்க வேண்டும். வரும் பட்டியலில் `Internet Protocol Version 4 (TCP/IPv4)` என்ற வரி இருக்கும். இங்கே ஒரு கண்ணி உண்டு. அந்த வரிக்கு முன்னால் இருக்கும் டிக் கட்டத்தை அழுத்தினால் டிக் போய்விடும், பிறகு இணையம் மொத்தமாக நின்றுவிடும். அதனால் "கட்டத்தைத் தொட வேண்டாம், எழுத்தின் மேல் மட்டும் அழுத்துங்கள்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வரி நீலமானதும் பட்டியலுக்குக் கீழே உள்ள `Properties` பொத்தானை அழுத்த வேண்டும்.

இப்போது எண்கள் எழுதிய பெட்டி திறக்கும். எதையும் மாற்றுவதற்கு முன்னால் அதைப் போனில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். யார் எதற்காக வைத்த எண் என்று தெரியாதபோது, திரும்பிப் போக ஒரு வழி இருக்க வேண்டும். பிறகு மேல் பாதியில் `Obtain an IP address automatically`, கீழ் பாதியில் `Obtain DNS server address automatically` என்ற இரண்டு வட்டங்களையும் தேர்ந்தெடுத்து `OK`. முந்தைய பெட்டியிலும் `OK` அல்லது `Close` என்று இருப்பதை அழுத்த வேண்டும். அந்த இரண்டாவது பெட்டியை மூடாமல் விட்டால் மாற்றம் நடைமுறைக்கு வராமல் போகலாம். அத்தை மூடிய சிறிது நேரத்தில் `No internet` என்ற சொல் மறைந்தது. மறுபடி `ipconfig` பார்த்தோம், இந்த முறை முகவரி 192.168.29 என்று தொடங்கியது.

பெயரே தெரியவில்லை என்றால்

அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் தெரிகின்றன, நம் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை என்றால், புது ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பழைய லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் கேட்கும் கருவியோடும் இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு அலைவரிசையும் உள்ள ரவுட்டர்களில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்றின் கடைசியில் 5G என்று சேர்த்திருப்பார்கள். இது போன் சிக்னலின் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸைக் குறிப்பது. பழைய லேப்டாப்புக்கு 5G இல்லாத பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். போனில் தெரியும் பெயர் லேப்டாப்பில் தெரியாததற்கு இதுவே பல நேரம் காரணம். லேப்டாப்பின் கருவியைச் சோதிக்க, கறுப்புத் திரையில் இதை அடிக்கலாம்:

```
netsh wlan show drivers
```

`Radio types supported` என்ற வரியில் 802.11a அல்லது 802.11ac இருந்தால் அது 5 கிகாஹெர்ட்ஸையும் கேட்கும். b, g, n மட்டும் இருந்தால் 2.4-ஐயே நம்புவது பாதுகாப்பு. ஏற்காட்டின் பழைய வீடுகளில் கற்சுவர் தடிமனாக இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டுவதில் 2.4-ஐவிடப் பலவீனமானது. அதனால் புதிய லேப்டாப்பாக இருந்தாலும் ரவுட்டர் கூடத்திலும் லேப்டாப் உள்ளறையிலும் என்றால், 2.4 பெயரில் சேர்ப்பதே நிம்மதி என்பது என் கருத்து. கணக்கு எழுதுவதற்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசுவதற்கும் அந்த வேகம் போதும்.

பெயர் தெரிந்து, `Forget` செய்து, பாஸ்வேர்டும் கண்ணால் சரிபார்த்து அடித்து, அப்படியும் `Can't connect to this network` என்றே வந்தால் பாதுகாப்பு முறையைச் சந்தேகப்படுங்கள். புது ரவுட்டர் WPA3 முறையில் மட்டும் வைக்கப்பட்டிருந்தால் பழைய வைஃபை கருவிகளுக்கு அது புரியாது. WPA3 வந்தது 2018-இல்தான், விண்டோஸ் 10-இலும் 2019-இன் 1903 பதிப்பிலிருந்துதான் அதற்கு இடம் உண்டு. இதை லேப்டாப்பில் சரிசெய்ய முடியாது. ரவுட்டரில் WPA2/WPA3 கலந்த முறைக்கோ WPA2 முறைக்கோ மாற்ற வேண்டும். இணைப்புக்காரரிடம் இந்தச் சொற்களையே சொல்லிக் கேட்டால் புரிந்துகொள்வார்.

நீங்களே திரையைப் பார்க்க வேண்டுமென்றால்

போனில் சொல்லிச் சொல்லி இருவரும் களைத்துவிட்டால் ஒரு மாற்று வழி உண்டு. பெரியவரின் ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜ் செய்யும் கேபிளால் லேப்டாப்போடு இணைத்து, போன் அமைப்பில் Hotspot பகுதிக்குள் இருக்கும் USB tethering என்பதை இயக்கச் சொல்லுங்கள். போனில் வரும் இணையம், அது வைஃபையாக இருந்தாலும் மொபைல் டேட்டாவாக இருந்தாலும், கேபிள் வழியாக லேப்டாப்புக்குப் போகும். போனின் வைஃபை ஹாட்ஸ்பாட்டைவிட இது மேல். ஏனென்றால் லேப்டாப்பின் வைஃபை சும்மா இருக்கும், அதைக் கழற்றி மாட்டினாலும் உங்கள் தொடர்பு அறுபடாது. பிறகு விண்டோஸின் Quick Assist மூலம் நீங்கள் சேலத்திலிருந்தே அந்தத் திரையில் வேலை செய்யலாம். கேபிள் தரவை எடுத்துச் செல்லும் வகையாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிள்களில் இது நடக்காது.

இதற்கு ஒரு நிபந்தனையை அத்தையிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். திரையைப் பகிரும் எண்ணைச் சொல்ல நான் கூப்பிட்டாலும், உடனே அதை லேப்டாப்பில் அடிக்காமல் போனை வைத்துவிட்டு என் எண்ணுக்கு அவரே திரும்பக் கூப்பிட வேண்டும். வங்கி என்றோ இணைய நிறுவனம் என்றோ சொல்லிக்கொண்டு வருபவர்களுக்குத் திரையைக் காட்டவே கூடாது. பெரியவர்களின் பணம் பறிபோகும் வழிகளில் இந்தத் திரைப் பகிர்வும் ஒன்று. பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய எண் 1930.

அடுத்த முறை ரவுட்டர் மாறும்போது

இணைப்புக்காரர் வீட்டில் இருக்கும்போதே அவரிடம் மூன்றைக் கேட்டுப் பெற்றால், மேலே சொன்னதில் பெரும்பகுதி தேவைப்படாது: பழைய வைஃபை பெயர், பழைய பாஸ்வேர்டு, WPA2 பாதுகாப்பு. பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடுகூட இருக்கக் கூடாது. `SilverOak` வேறு, `silveroak` வேறு. மூன்றும் ஒத்திருந்தால் லேப்டாப், டிவி, பிரிண்டர் எல்லாம் ரவுட்டர் மாறியதையே உணராமல் தாமாகச் சேர்ந்துகொள்ளும். பழைய பாஸ்வேர்டு ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்றாக இருந்தால் மட்டும் புதியதை வையுங்கள். அப்போது பெயரையும் சேர்த்தே மாற்றிவிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கருவியும் பழைய பாஸ்வேர்டோடு மல்லுக்கட்டாமல் நேராகப் புதியதைக் கேட்கும்.

பிரிண்டரை மறந்துவிட வேண்டாம். பாஸ்வேர்டு மாறியிருந்தால் லேப்டாப் சேர்ந்த பிறகும் வைஃபை பிரிண்டர் வெளியேதான் நிற்கும். பிரிண்டரில் சின்னத் திரை இருந்தால் அதன் Wireless Setup பகுதியில் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டு போடலாம். திரை இல்லாத பிரிண்டரில் WPS பொத்தான் இருந்தால் அதையும், இரண்டு நிமிடத்துக்குள் ரவுட்டரின் WPS பொத்தானையும் அழுத்தினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். அத்தை வீட்டு ரவுட்டரில் அந்தப் பொத்தான் இல்லை. அதனால் பிரிண்டரை ஒரு யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்போடு நேராக இணைத்துவிட்டார். மிளகுக் கணக்கு இப்போது அப்படித்தான் அச்சாகிறது.